நடக்கிறவரோடு நகரும் எழுத்து: கிருஷ்ணகிரி மாந்தோப்பில் எடுத்த ஒன்பது விநாடி ஷாட்டை வைத்துச் சில கேள்விகள்

கிருஷ்ணகிரியில் சின்னதாக ஒரு எடிட்டிங் அறை வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர்களும், ஊர், சந்தை, விவசாயம் என்று வீடியோ போடும் இளைஞர்களும் தர்மபுரி, பாலக்கோடு, ஓசூர் பக்கங்களிலிருந்து வருவார்கள். நடந்து வரும் ஒருவரின் தலைக்கு மேல் அவர் பெயர் கூடவே வர வேண்டும் என்பது அவர்களில் பாதிப் பேருக்காவது இருக்கும் ஆசை. அவர்கள் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே ஷாட்டைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. வெள்ளைச் சட்டை, வேட்டி, இடது தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. இப்படி ஒரு பெரியவர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, கேமராவை நோக்கிச் சாய்வாக நடந்து வருகிறார். கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கிறது. 1920×1080 அளவு, விநாடிக்கு 25 பிரேம், மொத்தம் 9 விநாடி, அதாவது 225 பிரேம். தொடக்கத்தில் அவர் கேமராவிலிருந்து சுமார் 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறார், முடிவில் 5 மீட்டர். நடுவில் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் வெளியே வருகிறார். மென்பொருள் ஆப்டர் எஃபெக்ட்ஸ். இலவசமாக வேண்டும் என்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் ஒரு பதில் இருக்கிறது.

அண்ணா, டிராக்கிங் என்றால் மென்பொருள் அந்த ஆளைப் புரிந்துகொண்டு பின்னாலேயே போகிறதா?

இல்லை. இங்கே நாம் பயன்படுத்தும் புள்ளி டிராக்கருக்கு ஆள் என்று ஒன்று கிடையாது. நீங்கள் ஒரு சிறு கட்டத்தைக் காட்டுகிறீர்கள். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் பிக்சல்களின் தோற்றத்தை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த பிரேமில், அதே இடத்தின் சுற்றுவட்டாரத்தில் அந்தத் தோற்றத்துக்கு மிக நெருக்கமானது எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த பிரேமுக்குப் போகிறது. அவ்வளவுதான் வேலை.

இதை மறந்ததால் நான் ஒரு முறை அவமானப்பட்டிருக்கிறேன். தர்மபுரியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பந்திக்கு நடந்து வருகிறார், தலைக்கு மேல் "தாய்மாமன்" என்ற எழுத்து. இடையில் சாம்பார் வாளியோடு ஒருவர் குறுக்கே போனார். எழுத்து வாளியோடு போய்விட்டது. முழுதாக ஓட்டிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டில் இன்றுவரை சாம்பார் ஊற்றுகிறவரைத் தாய்மாமன் என்றுதான் அழைக்கிறார்களாம்.

புள்ளியை எங்கே வைப்பது? முகத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டே போகிறது.

முகம் திரும்பும், வாய் அசையும், நெற்றியில் வெயில் பட்டு மின்னும். எல்லாரும் முதலில் போவது முகத்துக்குத்தான், எல்லாரும் முதலில் தோற்பதும் அங்கேதான்.

தேட வேண்டியது ஒரு மூலை. கோடு போதாது. வேட்டிக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று தெரிகிறது, ஆனால் அந்தக் கரையின் எந்தத் துண்டை எடுத்தாலும் அதன் மேலும் கீழும் இருக்கும் துண்டு அதேபோலவே இருக்கிறது. அதனால் கட்டம் கரை வழியே மேலும் கீழும் சறுக்கும். இரண்டு திசைகளிலும் மாற்றம் இருக்கும் இடத்தில்தான் கட்டம் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும்.

நம் பெரியவரிடம் நான்கு இடங்களைப் பார்த்தேன். சட்டையின் நடுப்பகுதி வெயிலில் வெளுத்துப்போய் வெறும் வெள்ளையாக இருந்தது, அங்கே பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. பையில் செருகிய பேனா ஆசை காட்டியது. ஆனால் 11 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் இரண்டு பிக்சல்தான். துண்டின் தொங்கும் நுனி ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. எஞ்சியது, துண்டு தோளில் ஏறிக் கழுத்தைத் தொடும் இடம். துண்டின் சிவப்பு, சட்டையின் வெள்ளை, கழுத்தின் கருமை மூன்றும் அங்கே சந்திக்கின்றன. துண்டின் மற்ற பகுதி ஆடினாலும் அந்த இடம் தோளோடு ஒட்டியே நகர்கிறது. அதையே எடுத்தேன்.

எழுத்து தோன்றப்போவது தலைக்கு மேல்தானே என்று யோசிக்க வேண்டாம். பின்தொடரும் இடமும் எழுத்து நிற்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

முதலிலிருந்து ஒரு முறை வரிசையாகச் சொல்ல முடியுமா?

காட்சியைத் தேர்ந்தெடுத்து, Tracker பலகத்தைத் திறந்து, Track Motion அழுத்துங்கள். Position மட்டும் குறித்திருக்கட்டும். Rotation, Scale இரண்டும் வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். திரையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கட்டங்களும் நடுவில் ஒரு சிலுவைக் குறியும் தோன்றும். உள்கட்டம்தான் நினைவில் வைக்கும் தோற்றம். வெளிக்கட்டம் அடுத்த பிரேமில் தேடும் எல்லை. சிலுவைக் குறி பதிவாகப்போகும் இடம்.

இங்கே ஒரு சிறு தந்திரம். முதல் பிரேமில் தொடங்காதீர்கள். கடைசி பிரேமுக்குப் போங்கள். அங்கே பெரியவர் கேமராவுக்கு அருகில் இருக்கிறார், துண்டின் அகலம் கிட்டத்தட்ட 50 பிக்சல். தொடக்கத்தில் அதுவே 22 பிக்சல்தான். பெரிதாக, தெளிவாகத் தெரியும் இடத்தில் கட்டத்தை வைத்துவிட்டுப் பின்னோக்கி ஓடவிட வேண்டும். Analyze பொத்தான்களில் பின்னோக்கிய அம்புக்குறியும் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஓடி முடிந்ததும் ஒரு நல் ஆப்ஜெக்ட் உருவாக்குங்கள். அது திரையில் தெரியாத, ஆனால் நகரக்கூடிய ஒரு வெற்று அடுக்கு. Edit Target வழியாக அதைக் காட்டி Apply கொடுங்கள், X and Y என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தின் மேல் நேரடியாக ஏற்ற வேண்டாம். ஏற்றினால் பிற்பாடு எழுத்தை ஐந்து பிக்சல் நகர்த்தக்கூட, பிரேமுக்கு ஒன்றாக இடத்தைக் குறித்துவைத்திருக்கும் 225 கீஃப்ரேம்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வெளிக்கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சும்மா பெரிதாக வைத்துவிட்டால் என்ன?

பெரிதாக வைத்தால் நேரம் ஆகும், அதைவிட மோசமாக, ஒத்த தோற்றமுள்ள வேறொன்று உள்ளே வந்துவிடும். சாம்பார் வாளிக் கதை அப்படி நடந்ததுதான். சிறிதாக வைத்தால் ஆள் ஒரே பிரேமில் எல்லைக்கு வெளியே போய்விடுவார்.

அளந்து பார்ப்பது எளிது. பத்து பிரேம் நகர்த்தி, துண்டு எத்தனை பிக்சல் தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். நம் ஷாட்டில் தொடக்கத்தில் பிரேமுக்கு 3 பிக்சல், நடுவில் 6, முடிவில் 15. நடையின் வேகம் மாறவில்லை. கிட்டே வரவர அதே வேகம் திரையில் ஐந்து மடங்காகத் தெரிகிறது. முதல் பிரேமில் தொடங்கி, அங்கே நன்றாக வேலை செய்கிறதே என்று சிறு கட்டத்தை வைத்தவர்களுக்குக் கடைசி இரண்டு விநாடியில் எழுத்து கழன்று விழுவதற்கு இதுதான் காரணம். பின்னோக்கித் தொடங்குவதன் இன்னொரு லாபமும் இதுவே: கடினமான பகுதியின் அளவை முதலிலேயே பார்த்துவிடுகிறோம். உள்கட்டத்துக்கு வெளியே நான்கு பக்கமும் 30 பிக்சல் விட்டேன், அதாவது அதிக வேகத்தைப் போல் இரண்டு மடங்கு.

கேமராவில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஷட்டர் 1/50 என்றால், பிரேமுக்கு 15 பிக்சல் நகரும் இடத்தில் ஏழெட்டுப் பிக்சலுக்கு உருவம் இழுபட்டுக் கலங்கும். மூலை என்று நாம் நம்பியது தேய்ந்துபோகும். வெளிச்சம் இருக்கும் தோப்பில் 1/200 வைத்து எடுத்தால் அந்த இழுவை இரண்டு பிக்சலுக்குள் அடங்கும். அசைவு கொஞ்சம் வெட்டுவெட்டாகத் தெரியும், இதுபோன்ற ஷாட்டுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம்.

மரத்தடிக்கு வந்ததும் எழுத்து ஆளை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. ஏன்?

மாமரத்தின் இலைகளுக்கு நடுவே இறங்கும் வெயில் பொட்டுப் பொட்டாகச் சட்டையில் விழுகிறது. ஆள் நகர்கிறார், பொட்டுகள் நகர்வதில்லை. ஒளியளவை மட்டும் பார்க்கும் டிராக்கருக்குச் சட்டையில் இருப்பதிலேயே பளிச்சென்ற "மூலை" அந்த வெயில் பொட்டின் விளிம்புதான். அதைப் பிடித்துக்கொண்டு தரையில் வேர் விட்டதுபோல் நின்றுவிடுகிறது.

Options திறந்தால் Channel என்ற இடத்தில் RGB, Luminance, Saturation என்று மூன்று இருக்கும். Luminance ஒளியளவைப் பார்ப்பது. Saturation நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைப் பார்ப்பது. வெள்ளைச் சட்டை வெயிலிலும் நிழலிலும் நிறமற்றதாகவே இருக்கிறது. சிவப்புத் துண்டு இரண்டிலும் சிவப்பாகவே இருக்கிறது. அதனால் Saturation வைத்ததும் வெயில் பொட்டுகள் டிராக்கரின் கண்ணிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டன. நிறமான துணி எதுவும் இல்லாத ஆள் என்றால் இந்த வழி உதவாது. படமெடுக்கும் முன்பே ஒரு துண்டைக் கொடுத்துத் தோளில் போடச் சொல்வது என் வழக்கம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது அலங்காரமாகவும் தெரியாது.

அதே Options பலகத்தில் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். ஷாட் முழுவதும் ஓடும்போது துண்டின் அளவு பாதிக்கும் கீழே சுருங்குகிறது. முதலில் நினைவில் வைத்த தோற்றத்தையே கடைசிவரை தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பிரேமிலும் தோற்றத்தைப் புதுப்பிக்கும் Adapt Feature On Every Frame என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் ஒவ்வொரு பிரேமின் சிறு பிழையும் அடுத்ததில் சேர்ந்து, 225 பிரேம் முடிவதற்குள் கட்டம் தோளிலிருந்து முழங்கைக்கு வந்திருக்கும். அதற்குப் பதிலாக, கிடைத்த இடம் சரியாகப் பொருந்துகிறதா என்று டிராக்கர் சொல்லும் நம்பிக்கை அளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் Adapt Feature செய்யச் சொல்வது நல்லது. தேவைப்படும்போது மட்டும் தோற்றம் புதுப்பிக்கப்படும், பிழையும் மெதுவாகத்தான் சேரும்.

ஆள் மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டால்?

நிறுத்திவிட்டுத் தாண்டிக் குதிக்க வேண்டும். நம் ஷாட்டில் 96 முதல் 110 வரை துண்டு தெரியவில்லை. பின்னோக்கி ஓடும் டிராக்கிங்கை 112இல் நிறுத்தினேன். 94க்குப் போய்க் கட்டத்தைக் கையால் மறுபடி அதே தோள் மூலையில் வைத்தேன். அங்கிருந்து பின்னோக்கி ஓடவிட்டேன். பிறகு காலவரிசையில் Motion Trackers என்பதைத் திறந்து, 95 முதல் 111 வரை ஏதேனும் பதிவு தங்கியிருந்தால் அழித்துவிட வேண்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவே மென்பொருள் நேர்கோடாக இணைத்துவிடும். சீரான நடைக்கு 17 பிரேம் நேர்கோடு போதும். 94இல் நான் வைத்த இடம் இரண்டு மூன்று பிக்சல் தவறியிருந்தாலும் அந்தப் பிழை 17 பிரேமுக்குப் பரவிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது.

மறைந்த இடம் திரும்பவே வராத நிலையும் உண்டு. ஒரு முறை பெரியவர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். அப்போது Alt விசையை அழுத்திக்கொண்டு கட்டங்களை இழுக்க வேண்டும். கட்டங்கள் இரண்டும் புதிய இடத்துக்குப் போகும், சிலுவைக் குறி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். காலர் நுனிக்குக் கட்டம் மாறினாலும் பதிவாவது பழைய தோளின் இடம்தான். Alt அழுத்த மறந்தால் அந்த பிரேமில் எழுத்து படக்கென்று தாவும்.

எழுத்தும் மரத்துக்குப் பின்னால் மறைய வேண்டுமா என்பது ரசனை. நான் மறைப்பதில்லை, எழுத்து படிப்பதற்காக இருக்கிறது. மறைய வேண்டும் என்றால், கேமரா அசையாததால் வேலை எளிது. காட்சியை இன்னொரு பிரதி எடுத்து, மரத்தைச் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்து, எழுத்துக்கு மேல் அடுக்காக வைத்துவிடுங்கள்.

டிராக்கிங் கச்சிதமாக ஒட்டியிருக்கிறது. ஆனாலும் எழுத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறது. என்ன தவறு?

கச்சிதமாக ஒட்டியிருப்பதுதான் தவறு. மனிதன் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. 5 மீட்டர் தூரத்தில் நம் ஷாட்டில் ஒரு மீட்டர் என்பது 400 பிக்சல், ஆகவே அந்த ஏற்ற இறக்கம் 16 பிக்சல். ஆளைப் பார்க்கும்போது இது நமக்கு உறைப்பதில்லை, நடை என்றாலே அப்படித்தான் என்று கண் பழகியிருக்கிறது. ஒரு சொல் அப்படிக் குதித்தால் படிக்க முடியாது. மாட்டுவண்டியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருக்கும்.

இதை நீக்க ஓர் ஒழுங்கான வழி இருக்கிறது. ஏற்ற இறக்கம் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு முழு அடிக்கான நேரத்துக்குச் சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், நடையின் பொதுவான போக்கு மட்டும் மிஞ்சும். அதற்கு முதலில் அடியின் நீளத்தை எண்ண வேண்டும். பெரியவரின் தலை உச்சத்துக்கு வந்த பிரேம்கள் 187, 201, 215. ஆக ஓர் அடிக்கு 14 பிரேம். 14ஐ 25ஆல் வகுத்தால் 0.56 விநாடி.

ஆப்டர் எஃபெக்ட்ஸில் `smooth` என்ற கட்டளை இந்தச் சராசரியைத்தான் எடுக்கிறது. எழுத்து அடுக்கில் Slider Control ஒன்றைச் சேர்த்துவிட்டு, Position மேல் இந்த எக்ஸ்பிரஷனை எழுதுங்கள்:

```
p = thisComp.layer("Null 1").transform.position;
h = effect("Slider Control")("Slider");
x = p.smooth(0.2, 5)[0];
y = p.smooth(0.56, 15)[1];
[x, y - h]
```

கிடைமட்டத்தில் 0.2 விநாடிச் சராசரி மட்டுமே, அது டிராக்கரின் சிறு நடுக்கத்தைப் போக்க. செங்குத்தில் முழு அடிக்கான சராசரி. `h` என்பது தோளிலிருந்து எழுத்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது.

0.56க்குப் பதில் 0.4 போட்டால் குதிப்பு குறையும், போகாது. 0.7 போட்டாலும் அப்படியே, கொஞ்சம் மிஞ்சும். கூட்டினால் இன்னும் மென்மையாகும் என்று நினைத்து எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடியின் நீளத்துக்குச் சரியாக நிற்க வேண்டும், அல்லது அதன் இரு மடங்காக. இரு மடங்கு எடுத்தால் ஆள் நிற்கும்போதும் கிளம்பும்போதும் எழுத்து முன்கூட்டியே இழுபடும்.

சராசரி முன்னும் பின்னும் பார்ப்பதால் கிளிப்பின் முதல் ஏழு பிரேமிலும் கடைசி ஏழு பிரேமிலும் அதற்குப் பாதித் தகவல்தான் கிடைக்கும், எழுத்து சற்று விலகும். ஆகவே தேவைக்கு மேல் பத்து பிரேம் இரு பக்கமும் டிராக் செய்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

எனக்குப் பிடித்த அமைப்பு ஒன்று: தோளில் ஒரு சிறு வட்டப் புள்ளி, அது நல் ஆப்ஜெக்டோடு நேரடியாக, குதிப்போடு ஒட்டியிருக்கும். எழுத்து மட்டும் மேலே சராசரியில் மிதக்கும். இரண்டையும் ஒரு மெல்லிய கோடு இணைக்கும். புள்ளி இறுக்கமாக இருப்பதால் எழுத்து யாருடையது என்பதில் சந்தேகம் வராது, எழுத்து தளர்வாக இருப்பதால் படிக்க முடியும்.

கிட்டே வரும்போது எழுத்தும் பெரிதாக வேண்டுமே. Scale குறித்துவிட்டால் தானாக ஆகாதா?

ஆகும், ஆனால் அதற்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். அவற்றுக்கு இடையிலான தூரம் மாறுவதை வைத்துத்தான் அளவு கணக்கிடப்படுகிறது. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள தூரம், உடம்பு ஒவ்வோர் அடிக்கும் வளைவதால், தன்னாலேயே நீண்டு சுருங்குகிறது. எழுத்து மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கும்.

மூன்று கீஃப்ரேம் கையால் வைப்பது மேல். பெரியவரின் உயரம் முதல் பிரேமில் 300 பிக்சல், கடைசியில் 660. ஆகவே 2.2 மடங்கு. நடு பிரேமில், 8 மீட்டர் தூரத்தில், அது 480 அல்ல, 412தான். உருவம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் வளர்வதால் முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் பெரிதாகிறது. நடு கீஃப்ரேம் இல்லாமல் இரண்டு முனையை மட்டும் வைத்தால் எழுத்து முதல் பாதியில் ஆளை முந்தி வளரும். Slider-இல் உயரத்துக்கும் இதே கணக்குத்தான்: 82, 112, 180 என்று மூன்று எண்கள்.

எழுத்தை முழு 2.2 மடங்கு வளரவிடலாமா? தொடக்கத்தில் படிக்க முடிந்தால் முடிவில் பேனர் ஆகிவிடும். நான் வர்க்கமூலம் எடுத்துக்கொள்கிறேன்: 100, 117, 148 சதவீதம். வளர்வது தெரியும், மிரட்டாது.

போனில் எடுத்த வீடியோவில் மட்டும் எழுத்து நின்று நின்று தாவுகிறது.

பல போன்கள் விநாடிக்கு இத்தனை பிரேம் என்று சீராகப் பதிவதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி மாற்றிக்கொள்கின்றன. எடிட்டிங்கில் சில பிரேம்கள் இரட்டிக்கும். ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள்: ஆள் ஒரு பிரேம் அசையாமல் நின்று அடுத்ததில் இரண்டு மடங்கு நகர்ந்தால் இதுதான் கோளாறு. டிராக் செய்யும் முன்பே சீராக்கிவிடுங்கள்:

```
ffmpeg -i thoppu.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a aac thoppu30.mp4
```

இது பிரேம் வேகத்தைச் சீராக்கும், போன் தவறவிட்ட பிரேமைத் திருப்பித் தராது, அந்த இடத்தில் முந்தைய பிரேமே இரட்டித்து நிற்கும். ஆட்டம் குறைக்கும் வேலை, வேகத்தை மாற்றும் வேலை எதுவானாலும் முன்பே முடித்துப் புதிய கிளிப்பாக எடுத்துக்கொண்டு பிறகு டிராக் செய்யுங்கள்.

"தோட்டக்காரர்" என்று அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன.

பழைய பதிப்பாக இருந்தால் Preferences-இல் Type பகுதிக்குப் போய், Text Engine என்பதை South Asian and Middle Eastern என்று மாற்றிவிட்டுப் புதிய எழுத்து அடுக்கு உருவாக்குங்கள். யூனிகோடு எழுத்துரு வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் நகரும்போது படிக்க நன்றாக இருக்கின்றன. மிகத் தடித்த எழுத்துரு வேண்டாம், ண, ழ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும்.

மாதாமாதம் பணம் கட்ட முடியாது. இலவசமாகச் செய்ய வழி இருக்கிறதா?

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் Fusion பக்கத்தில் Tracker இருக்கிறது. அதே இரண்டு கட்டங்கள், அதே பின்னோக்கிய ஓட்டம். தோற்றத்தைப் புதுப்பிப்பதற்கு None, Every Frame, Best Match என்று மூன்று வழிகள். நடையாளுக்கு Best Match வையுங்கள். எழுத்தை Merge வழியாகச் சேர்த்து, அதன் Center மேல் வலது சொடுக்கி Connect To மூலம் Tracker-இன் Offset Position-ஓடு இணைத்தால் எழுத்து நகரும்.

குதிப்பை நீக்க இன்னொரு வழி இருக்கிறது, அது எந்த மென்பொருளிலும், போன் செயலியிலும்கூட நடக்கும். டிராக்கரே வேண்டாம். ஓர் அடிக்கு 14 பிரேம் என்று எண்ணினோம் அல்லவா? 14 பிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் வையுங்கள், எப்போதும் தலை உச்சத்தில் இருக்கும் பிரேமிலேயே. நடையின் ஒரே நிலையில் மட்டும் தொட்டுச் செல்வதால் ஏற்ற இறக்கம் பதிவிலேயே வராது. 225 பிரேமுக்கு 17 கீஃப்ரேம். பத்து நிமிட வேலை. மரத்துக்குப் பின்னால் போகும்போது உங்கள் ஊகமே போதும். உண்மையில் பத்து விநாடிக்குக் குறைவான ஷாட் என்றால் நானே பல நேரங்களில் இப்படித்தான் செய்கிறேன்.

ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்திருக்கிற நண்பர் தலைக்கு மேல் பெயர் போட வேண்டும். எந்தப் புள்ளியும் நிற்கவில்லை.

நிற்காது. பரிசல்காரர் பரிசலைச் சுழற்றும்போது முதல் கால் சுற்றிலேயே நீங்கள் பிடித்த சட்டைப் பொத்தான் மறுபக்கம் போய்விடுகிறது. அரைச் சுற்றில் முதுகு மட்டும் தெரிகிறது. தண்ணீரின் மினுமினுப்பு ஒவ்வொரு பிரேமிலும் புதுப் புது மூலைகளைக் காட்டி டிராக்கரை ஏமாற்றுகிறது. பரிசலின் விளிம்பைப் பிடிக்கலாம் என்றால் அது வட்டம், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

இங்கே கையால் வைப்பதுதான் வழி, அதிலும் நண்பரின் தலையைத் தொடர வேண்டாம். தலை ஒரு சிறு வட்டத்தில் சுற்றுகிறது, எழுத்தும் சுற்றும். பரிசலின் நடுப்பகுதியைக் கண்ணால் மதிப்பிட்டு, 12 பிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் அங்கே வையுங்கள். எழுத்து பரிசலுக்கு மேல் ஆற்றோடு மிதந்து போகும். அதிலிருந்து நண்பரின் தலைக்கு ஒரு கோடு இழுத்து, கோட்டின் கீழ் முனையை மட்டும் கால் சுற்றுக்கு ஒரு கீஃப்ரேமாகத் தலையோடு நகர்த்துங்கள். பரிசலில் நான்கு பேர் இருந்தால் கோடு இல்லாமல் யார் பெயர் என்று தெரியாது. ஒருவர் மட்டும்தான் என்றால் கோட்டை எடுத்துவிடலாம்.